நேரலை வகுப்புக்காக ஸ்லைடுகளை மாற்றி எழுதுதல்: ஒரு தென்னை வகுப்பை முன்வைத்து

கேள்வி: தென்னையில் சுருள் வெள்ளை ஈ பற்றி அரங்கில் இரண்டு மணி நேரம் நடத்துவதற்காக 46 ஸ்லைடுகள் வைத்திருக்கிறேன். அதையே இப்போது ஜூம் வழியாக மாலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரத்தில் நடத்தச் சொல்கிறார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்தும் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்திலிருந்தும் எண்பது பேர் வருவார்கள், பெரும்பாலோர் கைப்பேசியில்தான். வாக்கெடுப்புக் கேள்விகள், இடைநிறுத்தங்கள் எல்லாம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். இருக்கும் ஸ்லைடுகளுக்கு நடுவே எங்கெங்கே கேள்வி போடுவது?

பதில்:

இருக்கும் ஸ்லைடுகளுக்கு நடுவே போட இயலாது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 46 ஸ்லைடுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு பத்து ஸ்லைடுக்கு ஒன்றாகக் கேள்வியைச் செருகினால், நேரம் போதாமல் முதலில் பலியாவது அந்தக் கேள்விகள்தான். ஆகவே நேரக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

மொத்தம் 60 நிமிடம். ஆட்கள் வந்து சேர்வதற்கும், ஒலி கேட்கிறதா என்று பார்ப்பதற்கும் 5 நிமிடம் போய்விடும். விவசாயிகள் தங்கள் தோப்பைப் பற்றிக் கேட்காமல் போகமாட்டார்கள் என்பதால் முடிவில் 12 நிமிடத்தைக் கேள்விகளுக்கென்று தொடாமல் வைக்க வேண்டும். மீதி 43. ஒரு வாக்கெடுப்புக்கு, கேள்வியையும் விடைகளையும் வாய்விட்டுப் படிக்க அரை நிமிடம், அவர்கள் பதிலளிக்க ஒரு நிமிடம், முடிவைக் காட்டி அதைப் பற்றிப் பேச ஒன்றரை நிமிடம் என்று குறைந்தது மூன்று நிமிடமாவது ஆகும். கீழே நான் சொல்லப்போகும் இரட்டை வாக்கெடுப்புக்கு எட்டு, முதலில் வரும் பயிற்சி வாக்கெடுப்புக்கு மூன்று, சாட்டில் எண்ணை அனுப்பச் சொல்லும் இரண்டு இடங்களுக்கு நான்கு, ஓலையைப் பார்க்கச் சொல்லும் வேலைக்கு மூன்று, மௌன இடைவெளிகளுக்கு மூன்று என்று வைத்தால் 21 நிமிடம் கழிகிறது. நீங்கள் பேசுவதற்கு மிஞ்சுவது 22 நிமிடம். அரங்கில் அரை மணி நேரத்தைக் கேள்வி பதிலுக்கு விட்டாலும், 90 நிமிடத்தில் 46 ஸ்லைடு என்பது ஸ்லைடுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த வேகத்தில் 22 நிமிடத்துக்குப் பழைய ஸ்லைடுகளில் பதினொன்றின் விஷயம்தான் தாங்கும்.

பதினொன்று என்பது விஷயத்தின் அளவே தவிர, ஸ்லைடுகளின் எண்ணிக்கை அல்ல. கைப்பேசித் திரையில் ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், ஒரு வரி என்ற அளவே படிக்கத்தக்கது என்பதால், அந்தப் பதினொன்றும் பிரிந்து இருபது இருபத்தைந்தாக ஆகும். அதில் தவறில்லை; சொல்லப்போனால், ஒரே ஸ்லைடில் அனிமேஷன் வைத்து ஒவ்வொன்றாக வரச் செய்வதைவிட, தனித்தனி ஸ்லைடாக வைப்பது சிக்னல் குறைந்த இடங்களில் சீராகப் போய்ச் சேரும்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு, வகுப்பு முடிந்த மறுநாள் காலையில் தோப்புக்குப் போகும் ஒருவர் எதை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பொருளில் மூன்று செயல்கள் தேறும்: ஓலையின் அடிப்புறத்தைப் பார்த்துப் பூச்சியை அடையாளம் காண்பது, கருமை படிந்திருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டுப் பூச்சிக்கொல்லி தெளிக்காமல் இருப்பது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறி, அடியோலையில் விசையுடன் நீர் பீய்ச்சுவது ஆகியவற்றைத் தொடங்குவது. இந்த மூன்றுக்கும் உதவாத ஸ்லைடுகள், அதாவது பூச்சியின் அறிவியல் வகைப்பாடு, உலக வரைபடம், வாழ்க்கைச் சுழற்சி அட்டவணை, அது தாக்கும் மற்றப் பயிர்களின் நீண்ட பட்டியல் ஆகியவை தனி பிடிஎஃப் கோப்பாக வாட்ஸாப்பில் போகட்டும். மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இப்பூச்சி 2016-இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது பொள்ளாச்சிப் பகுதியில்தான் என்பதை மட்டும் ஒரு வாக்கியமாகச் சொல்லலாம். கேட்பவர்களுக்கு அது தங்கள் ஊர்க் கதை.

இனி கேள்விகள். வாக்கெடுப்பு என்றவுடன் பலர் செய்வது, ஒரு பகுதியை நடத்தி முடித்துவிட்டு ‘புரிந்ததா? ஆம் / இல்லை’ என்று கேட்பது. எண்பது பேரில் எழுபது பேர் ஆம் என்பார்கள். அதனால் உங்கள் அடுத்த ஸ்லைடு மாறப்போவதில்லை. விடை எப்படி வந்தாலும் அடுத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றேயானால் அந்த இடத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை. இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேர வகுப்பில் இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது, தேற வேண்டியதுமில்லை.

முதல் வாக்கெடுப்பு பொத்தானைப் பழக்குவதற்கானது. ‘உங்கள் தோப்பில் இப்போது வெள்ளை ஈ இருக்கிறதா? 1. இருக்கிறது. 2. இல்லை. 3. சொல்லத் தெரியவில்லை.’ சரி, தவறு இல்லாத கேள்வி என்பதால் யாரும் தயங்கமாட்டார்கள். ஆனால் இதுவும் வெறும் பழக்கத்துக்காக மட்டும் அல்ல. மூன்றாவது விடையை மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தேர்ந்தால், அடையாளம் காணும் பகுதியில் நீங்கள் வைத்திருக்கும் இரண்டு கூடுதல் படங்களைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அவற்றைத் தாண்டிவிடலாம். பவர்பாயின்டில் அந்தக் கூடுதல் ஸ்லைடுகளை மறைத்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி எண்டர் அழுத்தினால் நேரே அங்கே போய்விடும். எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாக்கெடுப்புதான் வகுப்பின் நடுநாயகம். அதை எங்கே வைப்பது என்றால், கருமைக்குக் காரணம் என்ன என்று நீங்கள் விளக்கி முடித்த பிறகு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு முன்பு. அதற்கான சூழலை ஒரு படத்துடன் முதலில் விவரியுங்கள்: ‘பத்து வயது மரங்கள். கீழ்மட்டைகளின் மேற்புறம் கருப்பாகப் படிந்திருக்கிறது. அடிப்புறத்தில் வெள்ளைச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே உள்ள இளம்பூச்சிகளில் சில கறுத்துப்போயிருக்கின்றன.’ பிறகு கேள்வி:

இந்த வாரம் என்ன செய்வீர்கள்?
1. பூச்சிக்கொல்லி தெளிப்பேன்
2. கருமை போக பூசணக்கொல்லி தெளிப்பேன்
3. மருந்தில்லை; நீர், மஞ்சள் பொறி
4. கீழ்மட்டை எல்லாம் வெட்டி எரிப்பேன்

நான்கு விடைகளில் தவறான மூன்றும் விளையாட்டுக்காகச் சேர்த்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தோப்புக்காரர்கள் உண்மையில் கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டைத் தேர்ந்தவர், பூச்சி சுரக்கும் இனிப்பு நீரின்மேல் வளர்வதுதான் அந்தக் கரும்பூசணம் என்பதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் காரணத்தைக் காட்டும் ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டும். ஒன்றைத் தேர்ந்தவருக்குக் காரணம் தெரிந்திருக்கலாம், ஆனால் கறுத்துப்போன இளம்பூச்சிகள் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி வேலைசெய்வதன் அடையாளம் என்பதும், தெளிக்கும் மருந்து அந்தக் குளவியையும் கொல்லும் என்பதும் தெரியவில்லை. நான்கைத் தேர்ந்தவர் அந்தக் குளவிகளை மட்டையோடு சேர்த்து எரிக்கிறார். எந்த விடைக்கு அதிக வாக்கு விழுகிறதோ அதற்கேற்ற ஸ்லைடு இரண்டு உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். இப்படித் தயாரிப்பதில்தான் மாற்றி எழுதும் வேலையின் பெரும்பகுதி போகும்; கேள்வியை எழுதுவது அதில் சிறு பங்கு.

இந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்கச் சொல்வேன். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களில் தம் வகுப்புகளில் பரப்பிய முறை இது: முதலில் ஒவ்வொருவரும் தனியே வாக்களிப்பார்கள், சரியான விடைக்கு ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு வாக்கு விழுந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி வாக்கெடுப்பார்கள். எழுபதுக்கு மேல் போனால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். முப்பதுக்குக் கீழே போனால் வாதாடுவதற்கே அடிப்படை இல்லை, நீங்களே மறுபடி நடத்த வேண்டும். ஜூமில் எண்பது கைப்பேசிகளைச் சிறு குழு அறைகளாகப் பிரித்துத் திரும்ப அழைப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும் என்பதால், இங்கே வாதத்துக்கு வேறு வழி வைக்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தவர் ஒருவரையும் மூன்றைத் தேர்ந்தவர் ஒருவரையும் கை உயர்த்தச் சொல்லி, மியூட்டை நீக்கி, ஆளுக்கு ஒரு நிமிடம் காரணம் சொல்லச் செய்யுங்கள். ‘நான் போன வருஷம் அடிச்சேனுங்க, ஒரு மாசம் அடங்கி மறுபடி வந்துருச்சுங்க’ என்று ஆனைமலைக்காரர் ஒருவர் சொன்னால், உங்களுடைய இரண்டு ஸ்லைடுகளைவிட அதற்கு எடை அதிகம்.

முதல் சுற்றின் முடிவை இரண்டாம் சுற்று முடியும்வரை பங்கேற்பாளர்களுக்குப் பகிராதீர்கள். எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று தெரிந்துவிட்டால் இரண்டாவது வாக்கு கூட்டத்தின் பின்னால் போகும், காரணத்தின் பின்னால் போகாது. ஜூமில் வாக்கெடுப்பை முடித்தபின் முடிவைப் பகிர்வது தனிப் பொத்தான் என்பதால் இது எளிது. ஒரே கேள்வியை மறுபடி திறப்பதைவிட, முன்கூட்டியே அதே கேள்வியை ‘2அ’, ‘2ஆ’ என்று இரண்டாகப் பதிந்து வைத்தால் அறிக்கையில் இரண்டு சுற்றின் எண்ணிக்கையும் தனித்தனியே நிற்கும். அடுத்தவர் முன்னால் தவறிவிடுவோமோ என்ற தயக்கம் எழாதிருக்க, பெயர் தெரியாத வாக்கெடுப்பாக அமைத்து, அதை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

கைப்பேசியைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியில் வாக்கெடுப்பு ஒரு சிறு சாளரமாக வரும். கைப்பேசியிலோ அது திறந்தவுடன் ஸ்லைடை மறைத்துக்கொள்ளும். ஆகவே ‘இந்தப் படத்தில் இருப்பது எது?’ என்று படத்தைக் காட்டி வாக்கெடுப்பைத் திறந்தால், பங்கேற்பாளருக்குப் படம் போய்விடுகிறது. கணினியில் ஒத்திகை பார்த்தவர்களுக்கு இது கடைசிவரை தெரியவராது. பதில்கள் தாறுமாறாக வருவதை மட்டும் காண்பார்கள். படத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய கேள்விகளுக்கு வாக்கெடுப்பு வேண்டாம், சாட் போதும். சுருள் வெள்ளை ஈயின் படத்தையும் மாவுப்பூச்சியின் படத்தையும் அருகருகே வைத்து, பெரிய 1, 2 என்ற எண்களை இட்டு, ‘சுருள் வெள்ளை ஈ எந்தப் படம்? எண்ணைத் தட்டி வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லுங்கள். முப்பது வினாடி கழித்து ‘இப்போது அனுப்புங்கள்’ என்றால் எல்லா எண்களும் ஒன்றாக வந்து விழும். முதலில் அனுப்பியவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது நின்றுவிடும். இன்னொரு சாட் கேள்வியைக் கரும்பூசண ஸ்லைடுக்குப் பிறகு வைக்கலாம்: தென்னைக்குக் கீழே ஊடுபயிராக வாழை இருந்தால் 1, வேறு பயிர் என்றால் 2, ஒன்றும் இல்லை என்றால் 3. வாழையையும் இப்பூச்சி தாக்கும் என்பதால், 1 அதிகமாக வந்தால் வாழையிலையின் படத்தையும் காட்டிவிட்டுப் போகலாம்.

எண்களை வலியுறுத்துவதற்கு உங்கள் பகுதி சார்ந்த காரணம் இன்னொன்று உண்டு. சித்தூர், கொல்லங்கோடு பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுகிற பலர் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். நீங்கள் பேசுவது முழுவதும் விளங்கும், ஆனால் தமிழ் எழுத்தில் நான்கு விடைகளை ஒரு நிமிடத்தில் படித்துத் தேர்வது எல்லோருக்கும் இயலாது. விடைகளை நான்கைந்து சொற்களுக்குள் அடக்கி, முன்னால் எண்ணிட்டு, நீங்கள் ஒருமுறை தமிழில் படித்தபின் உதவியாளர் மலையாளத்தில் ஒருமுறை படிக்கட்டும். வாக்கெடுப்பைத் திறப்பதற்கு முந்தைய ஸ்லைடில் அதே நான்கு விடைகளும் அதே எண்களோடு சிறு படங்களாக இருந்தால், எழுத்தைப் படிக்காமலே எண்ணை நினைவில் வைத்து அழுத்தலாம்.

அடுத்து இடைநிறுத்தம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்பதையும் காட்டினார். அது ஒரே அறைக்குள் நடந்தது. இணையத்தில் உங்கள் குரல் போய்ச் சேர வேண்டும், அவர் யோசிக்க வேண்டும், சாட் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், தட்ட வேண்டும். சாட்டுக்கு முப்பது நாற்பது வினாடியும் வாக்கெடுப்புக்கு ஒரு நிமிடமும் நான் சொல்வது அதனால்தான். பேசுபவருக்கு அந்த ஒரு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். எல்லோரும் மியூட்டில் இருப்பதால் இருமல் சத்தம்கூடக் கேட்காது. அந்த வெறுமையைத் தாங்காமல் ‘சீக்கிரம் போடுங்க, இன்னும் இருபது பேர் போடலை’ என்று பேசிக்கொண்டே இருந்தால், யோசித்துக்கொண்டிருப்பவரின் யோசனை கலைந்துவிடும்.

கேட்பவர் பக்கத்தில் சிக்கல் வேறு. நெல்லியாம்பதி மலையடிவாரத் தோப்பில், சிக்னல் வந்தும் போயும் இருக்கும் ஒருவருக்கு, திடீரென்று குரல் நின்றால் லைன் கட்டாகிவிட்டது என்றுதான் தோன்றும். அவர் வெளியேறி மறுபடி உள்ளே வருவதற்குள் கேள்வி முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மௌனத்தையும் முன்கூட்டியே அறிவித்து, அதற்கென்று ஒரு ஸ்லைடும் வைக்க வேண்டும். சாட் கேள்விகளில் கேள்வியின் படமும் எண்களும் இருக்கும் அதே ஸ்லைடின் பிரதியில், கீழே வேறு நிறப் பட்டையில் ‘யோசிக்க அரை நிமிடம். லைன் கட்டாகவில்லை’ என்று எழுதினால் போதும். வாக்கெடுப்பின்போது ஸ்லைடு மறைந்திருக்கும் என்பதால் அங்கே இதை வாயால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கம் கனமாக இருக்கும் இடங்களில், குறிப்பாகக் குளவி பற்றிய பகுதிக்குப் பிறகு, கேள்வி ஏதும் இல்லாமல் ஒரு நிமிடம் வெறும் படத்தைத் திரையில் நிறுத்தி, ‘சந்தேகம் இருந்தால் இப்போது எழுதுங்கள், ஒரு நிமிடம் பேசமாட்டேன்’ என்று சொல்வதும் நல்லது. இப்படிப்பட்ட மௌனம் மூன்று போதும்.

அரங்கில் செய்ய இயலாத ஒன்றை இணையம் உங்களுக்குத் தருகிறது: கேட்பவர்கள் தங்கள் மரங்களின் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஏழு மணிக்கு இருட்டிவிடும் என்பதால், அன்று காலையிலேயே ‘கீழ்மட்டையிலிருந்து ஓர் ஓலையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்’ என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். அடையாளம் காணும் பகுதி முடிந்தவுடன் மூன்று நிமிட ஸ்லைடு ஒன்று: ஓலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளைச் சுருள் தெரிகிறதா, நடுவில் கறுத்த புள்ளிகள் இருக்கின்றனவா, இருந்தால் கை உயர்த்துங்கள். கறுத்த புள்ளிகளைத் தன் ஓலையில் கண்டவர், இரண்டாவது வாக்கெடுப்பில் விவரிக்கும் சூழலைத் தன் தோப்பாகவே எண்ணி வாக்களிப்பார். அதனால் இந்த வேலை அந்த வாக்கெடுப்புக்கு முன்னால்தான் வர வேண்டும். ஓலை கொண்டுவராதவர்களுக்காக உங்கள் மேசையில் ஒன்றை வைத்துக் கேமராவுக்கு அருகே காட்டலாம்.

இத்தனையும் ஸ்லைடின் குறிப்புப் பகுதியில் எழுதப்பட்டிருந்தால்தான் நடக்கும். நினைவில் வைத்து நடத்த முடியாது. இரண்டாவது வாக்கெடுப்பு ஸ்லைடின் குறிப்பு இவ்வாறு இருக்கலாம்: ‘சூழலைச் சொல். நான்கு விடைகளையும் படி. உதவியாளர் மலையாளத்தில் படிப்பார், பிறகு 2அ-வைத் திறப்பார். 60 வினாடி, பேசாதே. பாதிப் பேருக்கு மேல் போடாவிட்டால் இன்னும் 20 வினாடி. முடிவைப் பகிராதே. மூன்றாவது விடை 30-70 என்றால் இருவரைப் பேசவிட்டு 2ஆ. எழுபதுக்கு மேல் என்றால் ஸ்லைடு 19. முப்பதுக்குக் கீழ், ஒன்று அதிகம் என்றால் 26. இரண்டு அதிகம் என்றால் 28. நான்கு அதிகம் என்றால் 30.’ முப்பதுக்குக் கீழே போகும் நாளில் அந்த விளக்கம் நேரத்தைத் தின்னும். அப்போது வாழை ஊடுபயிர்க் கேள்வியையும் ஒரு மௌனத்தையும் விட்டுவிடலாம் என்பதையும் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். கடைசி 12 நிமிடத்திலிருந்து எடுக்காதீர்கள்.

உதவியாளர் இல்லாமல் இதை நடத்த வேண்டாம். வாக்கெடுப்பைத் திறப்பது, சாட்டில் வரும் ‘வணக்கம் சார்’ வரிசைக்கு நடுவே உண்மையான சந்தேகத்தைப் பொறுக்கி எடுப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது ஆகிய மூன்றும் பேசுபவரால் ஆகாதவை. ஜூம் கணக்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள்: இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்பதால் கட்டணக் கணக்கு வேண்டும், வாக்கெடுப்பு வசதி அமைப்புகளில் இயக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் உறுதிசெய்து, கேள்விகளைக் கூட்டத்துக்கு முன்பே இணையப் பக்கத்தில் பதிந்துவிடுங்கள். யூடியூபிலும் சேர்த்து ஒளிபரப்பும் எண்ணம் இருந்தால், அங்கே பார்ப்பவர்களுக்குப் படம் பல வினாடி தாமதமாகப் போய்ச் சேரும். உங்கள் ‘இப்போது அனுப்புங்கள்’ அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களைப் பார்வையாளர்களாக மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒத்திகையைக் கணினியில் நீங்கள் நடத்த, வீட்டில் இருவர் மொபைல் டேட்டாவில் இரண்டு கைப்பேசிகளிலிருந்து சேர்ந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று பழைய, சிறிய திரையாக இருக்கட்டும். வாக்கெடுப்பு திறக்கும்போது எது மறைகிறது, விடைகளின் வால் துண்டாகிறதா, ஸ்லைடு எண் தெரிகிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்தபின் ஜூமின் அறிக்கைப் பகுதியிலிருந்து வாக்கெடுப்பு முடிவுகளைப் பதிவிறக்கி, 2அ-வுக்கும் 2ஆ-வுக்கும் இடையே ஒன்றாவது விடை எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். குறையவில்லை என்றால் அடுத்த தடவை மாற்றவேண்டியது கேள்வியை அல்ல, அதற்கு முன்னால் வரும் குளவி ஸ்லைடுகளை.